ஆறு நொடிப் படத்தின் பயணம்

மயிலாப்பூரில் ஒரு மிருதங்கப் பட்டறையில் பிறந்து, தி.நகரில் ஓரங்கட்டப்பட்டு, அடையாறில் ஒருவர் கேட்ட கேள்வியால் மறுபடி இடம்பிடித்த ஒரு படத்துண்டின் கதை இது. நீளம் ஆறு நொடி. நம் ஒளிபரப்புக் கணக்கில் நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் 150 ஃபிரேம். ஒரு கை, ஒரு வழவழப்பான கல், தோலின்மேல் சாம்பல் நிறத்தில் பரவிய ஈரமான பசை. கல் வட்டமாகச் சுற்றுகிறது. முகம் இல்லை, பேச்சு இல்லை. படம் பார்ப்பவர்கள் அதை ஒரு தொழில்நுணுக்கத்தின் அழகான காட்சியாகவே பார்ப்பார்கள். ஆனால் அது அங்கே இருப்பதற்கு முதல் காரணம், அதற்குக் கீழே பதினொரு நொடிப் பேச்சு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான்.

பேட்டி கொடுத்தவர் மிருதங்கம் செய்பவர். கேமரா ஒன்றுதான். நாற்பது நிமிடம் பேசியதை ஆறு நிமிடமாகச் சுருக்க வேண்டும். வலந்தலையில் கரணை வைப்பதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இப்படி:

“கரணையை ஒரே தடவையில வைக்க முடியாதுங்க. முதல் பூச்சு மெல்லிசா வைக்கணும். கல்லால தேய்ச்சு… வந்து… டேய், அந்த ஸ்டவ்வ அணைடா… எங்க விட்டேன்… ஆங், முதல் பூச்சு வந்து, கல்லால தேய்ச்சு காய வைக்கணும். காய்ஞ்ச பிறகுதான் அடுத்தது.”

நேரில் கேட்டால் இதில் எந்தக் குறையும் தெரியாது. திரையில் அந்த ஸ்டவ் கதையைத் தடுக்கும். “மெல்லிசா வைக்கணும்” என்பதற்குப் பிறகு வெட்டி, இரண்டாவது முறை வரும் “கல்லால தேய்ச்சு காய வைக்கணும்” என்பதோடு ஒட்டினால் வாக்கியம் முழுமையாகிவிடுகிறது. காதுக்கு அது சரி, கண்ணுக்குச் சரியில்லை. பையனைக் கூப்பிடத் திரும்பியபோது அவர் தோளில் இருந்த துண்டு மடிக்கு வந்துவிட்டது. உடம்பும் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தால் ஒரு ஃபிரேமில் தோளில் இருக்கும் துண்டு அடுத்த ஃபிரேமில் மடியில் இருக்கிறது, தலை வெடுக்கென்று இடம் மாறுகிறது. ஜம்ப் கட் என்பது இதுதான். கேமரா கோணமும் அளவும் மாறாமல், உள்ளே இருக்கும் ஆள் மட்டும் மாறினால் கண் அதை உடனே பிடித்துவிடும். பார்ப்பவர் அதன்பின் கரணையை விட்டுவிட்டு, என்ன வெட்டினார்கள் என்று யோசிக்கத் தொடங்குவார்.

அந்த மாற்றத்தை மறைக்க மேலே வேறொரு படம் வேண்டும். இந்தத் தேவை பேட்டி நடக்கும்போதே தெரிந்துவிடும் என்பதுதான் நல்ல கேமராக்காரர்களின் பாடம். பேசுபவர் எங்கே தடுமாறினார், எங்கே தண்ணீர் குடித்தார், எந்தப் பேச்சின் நடுவில் ஆட்டோ ஹாரன் அடித்தது என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். பேட்டி முடிந்ததும் அந்தக் குறிப்புதான் அடுத்து எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல். இந்தப் பட்டறையில் குறிப்பில் “முதல் பூச்சு, கல் தேய்ப்பு” என்று இருந்தது. அதனால்தான் கேமரா முக்காலியோடு அவர் கைக்குப் பக்கத்தில் இறங்கியது. அன்றைக்கு வேறொரு மிருதங்கத்துக்கு அவர் முதல் பூச்சு வைக்கும் வரை காத்திருந்து எடுத்தார்கள். 48 நொடி ஓடியது அந்த ஷாட். முக்கால் நிமிடம் எதற்கு என்றால், எடிட்டருக்கு எந்த ஆறு நொடி தேவைப்படும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. கல் சுற்றும் வேகம், கை நிழல் விழும் இடம், விரல் பசையைத் தொடும் கணம் எல்லாம் அதற்குள் பலமுறை வந்துபோக வேண்டும். மூன்று நொடியில் அடுத்த ஷாட்டுக்குத் தாவும் கேமராக்காரர் எடிட்டருக்குக் கொடுப்பது பாதிச் சாப்பாடுதான்.

மேலே டியூப் லைட் எரிந்ததால் ஷட்டர் 1/50 நொடியில் வைக்கப்பட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போகாத ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஏறி இறங்கும். பிறகு எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, பட்டறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தார்கள். எடுக்கும் நேரத்தில் வீண் வேலையாகத் தெரிந்த அந்த ஒரு நிமிடம் தி.நகரில் படத்தைக் காப்பாற்றியது. அதற்குப் போகும் முன் இந்தத் துண்டின் மூதாதையரைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதன் வேலை முறை அங்கிருந்துதான் வருகிறது.

தொலைக்காட்சிச் செய்திகள் 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்ட காலத்தில், பேட்டியின் குரல் படத்தோடு சேர்ந்து அதே ஃபிலிமின் ஓரத்தில் ஒட்டிய காந்தப் பட்டையில் பதிவாகும். ஆனால் லென்ஸும் ஒலிமுனையும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஒலி அந்தப் படத்துக்கு 28 ஃபிரேம் முன்னால் இருந்தது; கிட்டத்தட்ட ஒரு நொடி தூரம். இப்படிப்பட்ட ஃபிலிமைக் கத்திரியால் வெட்டுபவருக்கு ஒரு சங்கடம் வரும். வாக்கியம் தொடங்கும் ஒலியைப் பார்த்து வெட்டினால், கூடவே ஒரு நொடிக்குப் பழைய படம் வந்து சேரும்: வாய் வேறெதையோ சொல்லி அசைந்துகொண்டிருக்க, காதில் இன்னும் முந்தைய துண்டின் பேச்சு கேட்கும். படத்தைப் பார்த்து வெட்டினால் வாக்கியத்தின் முதல் நொடி பறிபோகும். இதற்குக் கண்ட வழி, இரண்டாவது ரோல் ஒன்றைத் தயார் செய்து இன்னொரு டெலிசினி எந்திரத்தில் ஓட்டுவது. முதல் ரோலில் பேசும் முகமும் குரலும், இரண்டாவது ரோலில் பேச்சில்லாத காட்சிகள். ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, வெட்டு வரும் இடத்தில் படத்தை மட்டும் இரண்டாவது ரோலுக்கு மாற்றி, குரலை முதல் ரோலிலேயே விட்டுவிடுவார்கள். ஏ-ரோல், பி-ரோல் என்ற பெயர்கள் இன்றைய மென்பொருளிலும் நிற்பது அந்த இரண்டு எந்திரங்களின் மிச்சம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஃபிலிமின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. அதன்பின் வந்த யுமேட்டிக், பீட்டாகேம் நாடாக்களில் முறை இன்னும் கறாராகியது. நாடாவிலிருந்து நாடாவுக்கு எடிட் செய்யும்போது முதலில் பேட்டியின் பைட்டுகளை வரிசையாக ஒட்டிவிட வேண்டும். குரல் முழுதும் சரியான பிறகு, வீடியோ இன்சர்ட் என்ற பொத்தானை அழுத்தி, ஒலியைத் தொடாமல் படத்தை மட்டும் மேலே பதிய வேண்டும். நடுவில் ஒரு வார்த்தையை நீக்க ஆசைப்பட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அந்த நாடாக்களில் வேலை பார்த்த எடிட்டர்கள் இப்போதும் படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பேட்டியைக் கேட்பார்கள். எந்திரம் கட்டாயப்படுத்திய அந்த வரிசையை எந்திரம் போன பிறகும் விடாதது அவர்களுடைய நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். இன்று டைம்லைனில் பேட்டி V1 தடத்தில், விஷுவல் அதற்கு மேலே V2 தடத்தில். மேலே உள்ளது மட்டும் கண்ணுக்குத் தெரியும். வேலை இவ்வளவு எளிதாகிவிட்டதால், ஒலி சரியாகும் முன்பே படத்தைப் போட்டு மூடிவிடும் அவசரமும் வந்துவிட்டது.

நம் 48 நொடி ஷாட், மெமரி கார்டிலிருந்து இரண்டு ஹார்டு டிஸ்குகளில் நகலாகி, தி.நகரில் பர்கிட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் எடிட் அறைக்கு வந்தது. எடிட் செய்த பெண் முதல் நாள் அதைத் திறக்கவே இல்லை. அவள் செய்தது முழுக்கக் காது வேலை.

தமிழில் பேட்டி வெட்டுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. க்க, ட்ட, த்த, ப்ப என்று அழுத்தி ஒலிக்கும் இடங்களில் காற்று முழுதாக அடைபட்டு, ஒரு கணம் சத்தமே இருக்காது. ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே மூன்று நான்கு ஃபிரேம் அகலத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தில் வெட்டினால் காதுக்குத் தெரியவே தெரியாது. அதே பேட்டியில் இன்னோர் இடத்தில் அவர், “தஞ்சாவூர்லேர்ந்து எங்கப்பா அறுபத்தெட்டுல… இல்ல இல்ல, எங்கப்பா எழுபத்தெட்டுல வந்தாரு” என்றார். முதலில் வரும் “எங்கப்பா”வோடு நிறுத்தி “எழுபத்தெட்டுல” என்று தொடங்கினால், இரண்டு உயிரெழுத்துகள் மோதும் இடத்தில் ஒட்டு கேட்கிறது. பேச்சில் அங்கே குரல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர நிற்காது. அதனால் அவள் முதல் “எங்கப்” வரைக்கும் ஒன்றிலிருந்தும், “பா எழுபத்தெட்டுல வந்தாரு” என்பதை இரண்டாவதிலிருந்தும் எடுத்தாள். ஒட்டு “ப்ப” என்ற மௌனத்துக்குள் விழுந்தது. ஒரு பிழையான வருஷம் போய், அவரே திருத்திச் சொன்ன வருஷம் நின்றது.

கரணை வாக்கியத்தில் சிக்கல் வேறு. “கல்லால” என்பது ககரத்தில் தொடங்குவதால் அதன் வாசலில் வெட்டுவது எளிது. “வைக்கணும்” என்பதன் கடைசி மகரம் மூக்கில் கொஞ்ச நேரம் இழுபடும். அதை முழுதாக அடங்க விட்டு, அடுத்த வார்த்தைக்கு முந்தைய மூச்சையும் வைத்தாக வேண்டும். மூச்சு விடாமல் இரண்டு வாக்கியம் பேசும் மனிதர் யாரும் இல்லை. மூச்சு இல்லாத ஒட்டை, காரணம் தெரியாவிட்டாலும், கேட்பவர் நெஞ்சு உணர்ந்துவிடும். இதெல்லாம் சரியாக அமைந்தும் ஒட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. காரணம் மாடவீதிப் பக்கத்திலிருந்து மெலிதாக வந்துகொண்டிருந்த நாகஸ்வரம். பதினொரு நொடியை எடுத்ததும் அதன் இழுப்பு பாதியில் அறுந்து வேறொரு இடத்தில் தொடங்கியது. மயிலாப்பூரில் பேட்டி எடுப்பவர்களுக்கு இது எப்போதும் உள்ள தலைவலி. விஷுவல் கண்ணை மூடும், காதை மூடாது. மின்விசிறி இரைச்சல், தெருச் சத்தம் மாதிரி ஒரே சீராக இருப்பதென்றால் பட்டறையில் பதிவுசெய்த அந்த ஒரு நிமிட வெறும் சத்தத்தைக் கீழே ஓடவிட்டு ஒட்டை மெழுகிவிடலாம். ராகத்தை அப்படி மெழுக முடியாது.

இங்கேதான் 48 நொடி ஷாட் முதல் தடவையாகத் திறக்கப்பட்டது, அதுவும் அதன் படத்துக்காக இல்லை. கல் தோலில் உரசும் “கர கர” என்ற சத்தம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. அந்த உரசலை ஒட்டு வரும் இடத்துக்கு அரை நொடி முன்பே மெல்ல ஏற்றி, நாகஸ்வரம் அறுகிற கணத்தில் சரியாக அதற்கு மேல் நிற்கும்படி வைத்தாள். கீழே வெறும் சத்தத்தையும் நிரப்பினாள். நாகஸ்வரம் அறுந்தது இப்போது யாருக்கும் கேட்கவில்லை. காது ஒரு புதிய சத்தத்தின் பின்னால் போகும்போது பழையது எங்கே போனது என்று பார்ப்பதில்லை.

ஒலி முடிந்து படத்துக்கு வந்தபோது நம் ஷாட் தோற்றுப்போனது. அதில் பசை சாம்பல் நிறம், தோல் அழுக்காகத் தெரிந்தது, டியூப் லைட்டின் பச்சை வேறு. அதே நாளில் எடுத்த இன்னொரு ஷாட்டில், முடிந்துபோன கரணை கன்னங்கரேலென்று, ஜன்னல் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு இருந்தது; அதன்மேல் கல் சுற்றியது. பேட்டியும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது என்பதால் நிறமும் ஒத்துப்போனது. அதை V2 தடத்தில் வைத்தாள். உரசல் சத்தம் மட்டும் பழைய ஷாட்டுடையது.

வைத்த அளவு மட்டும் பாராட்டத்தக்கது. ஒட்டு இருக்கும் இடத்தில் டக்கென்று விஷுவல் வந்து, ஒட்டு தாண்டியதும் டக்கென்று போனால், பார்ப்பவர் அதை வெறும் ஒட்டுத்துணியாக மோப்பம் பிடித்துவிடுவார். அதனால் ஒட்டுக்கு இரண்டரை நொடி முன்பே, “முதல் பூச்சு” என்ற சொல் காதில் விழும்போதே படம் மாறியது. சொன்ன பொருளைக் காட்ட வந்த படம் என்றே அது தெரியும். ஒட்டைத் தாண்டியும் “காய வைக்கணும்” என்ற எண்ணம் முழுதாக முடியும் வரை நின்று, “காய்ஞ்ச பிறகுதான் அடுத்தது” என்ற வாக்கியத்துக்கு அவர் முகத்துக்குத் திரும்பியது. திரும்பும்போது துண்டு மடியில் இருக்கிறது. ஆறு நொடி இடைவெளியில் ஒரு மனிதர் துண்டை எடுத்து மடியில் வைத்திருப்பார் என்று கண் தானாகவே கதை கட்டிக்கொள்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஒரு நொடிக்குள் திரும்பியிருந்தால் கவனித்திருப்பார்கள்.

அந்த வடிவத்தில் படம் கோட்டூர்புரம் பாலம் தாண்டி அடையாறுக்குப் போனது. காந்தி நகரில் ஒரு வீட்டில், நாற்பது வருஷமாக மிருதங்கம் வாசிக்கும் ஒருவர் அதைப் பார்த்தார். ஒட்டு எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“அவர் முதல் பூச்சுன்னு சொல்றாரு. நீங்க காட்டுறது முடிஞ்ச கரணைம்மா. முதல் பூச்சுல இப்படிக் கறுப்பு எப்படி வரும்?”

அரைத்த கல்பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, பூச்சு பூச்சாக ஏற்றி, ஒவ்வொன்றும் காயும்வரை தேய்த்துத்தான் அந்தக் கறுப்பு வருகிறது. மிருதங்கம் செய்பவர் சொல்வதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவில் பல பூச்சுகளின் உழைப்பு காணாமல் போயிருந்தது. விவரம் தெரியாதவர்களுக்கு அது பெரிதில்லை என்று விடலாம். எனக்கு அது பெரிது. மறைப்பதற்காக வந்த படம், தான் மறைக்கும் வாக்கியத்தையே பொய்யாக்கிவிட்டால் அந்த ஒட்டைவிட அது மோசம். கபாலீசுவரர் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் எந்தப் பேட்டிக்கும் மேலே விரிக்கிற வழக்கமும் இதே வகைதான். அதில் பொய் இல்லை என்றாலும் சொல்லப்படும் பொருளும் இல்லை.

இப்படித்தான் நம் சாம்பல் நிற ஷாட் திரும்பி வந்தது. 48 நொடியில் 31-ஆவது நொடியிலிருந்து 37-ஆவது வரை தேர்வானது, ஏனென்றால் அங்கே கை சட்டகத்துக்குள் நுழைவதில் தொடங்கி, கல் நான்கு சுற்று முடித்து, விரல் ஓரத்தை வழிப்பதோடு நிற்கிறது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு செயல். பச்சையைக் குறைத்து, தோல் நிறத்தைப் பேட்டியில் அவர் கையின் நிறத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தாள். ஏற்கெனவே கீழே ஓடிக்கொண்டிருந்த உரசல் சத்தத்தை அதன் சொந்தக் கையோடு மறுபடி சேர்த்து வைத்தாள்.

அதே பேட்டியைப் பற்றி இன்னொரு கோரிக்கையும் வந்தது. மிருதங்கம் செய்பவர் சொன்ன வாக்கியம்: “சில வித்வான்கள்தான் எங்களை மதிக்கிறாங்க.” படத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அது உறுத்தியது. “சில” என்பதையும் “தான்” என்பதையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் விஷுவல் போட்டால் போதும் என்றார்கள். அவள் காட்டிய வித்தையெல்லாம் தெரிந்தவருக்கு இது அரைமணி நேர வேலை; “வித்வான்கள் எங்களை மதிக்கிறாங்க” என்று அவர் குரலிலேயே, ஒட்டுத் தெரியாமல் கேட்கும். அவள் மறுத்துவிட்டாள். சரியான மறுப்பு. தமிழில் தான், கூட, மட்டும் என்பவை தம்மாத்தூண்டு சொற்கள். வாக்கியத்தின் முழு எடையும் அவற்றில் தொங்கும். மிருதங்கம் செய்யும் குடும்பங்கள் மேடையில் பெயர் சொல்லப்படாமல் இருப்பதைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவர் யோசித்துச் சொன்ன “சில… தான்” என்பதை ஸ்டவ் அணைக்கச் சொன்னதோடு சேர்த்துப் பிழை என்று எண்ண முடியாது.

இதில் கோடு எங்கே என்பதற்கு அமெரிக்காவில் 2016-இல் வெளியான ‘அண்டர் தி கன்’ என்ற ஆவணப்படத்தைப் பார்க்கலாம். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்காவிட்டால் குற்றவாளிகள் வாங்குவதை எப்படித் தடுப்பது என்று, வர்ஜீனியாவில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் குழு ஒன்றிடம் பத்திரிகையாளர் கேட்டி கூரிக் கேட்கிறார். படத்தில் அவர்கள் எட்டு ஒன்பது நொடி வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குழு வெளியிட்ட ஒலிப்பதிவிலோ உடனே பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எடிட்டில் பதிலை எடுத்துவிட்டு, வேறொரு நேரத்தில் அவர்கள் பேசாமல் இருந்த படத்தை அங்கே நுழைத்திருந்தார்கள். கூரிக் பின்னர் வருத்தம் தெரிவித்தார். அவதூறு வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சட்டம் விட்டுவிட்டாலும் அந்தச் சில நொடிகள் படத்தின் மீதியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டன. அங்கே செருகப்பட்ட படத்துக்கும் நம் கல் தேய்க்கும் கைக்கும் தொழில்நுட்பத்தில் வேறுபாடே கிடையாது. வெட்டியதைத் திரும்பச் சேர்த்துப் பேட்டி கொடுத்தவரிடம் காட்டினால், நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது என்று அவர் சொல்வாரா என்பதுதான் வேறுபாடு. மயிலாப்பூர்க்காரரிடம் காட்டினார்கள். ஸ்டவ் விஷயம் போனது அவருக்கு நினைவே இல்லை. “சில வித்வான்கள்தான்” வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வாக்கியத்துக்கு மேல் எந்த விஷுவலும் போடவில்லை; அவர் முகம்தான்.

ஆறு நொடி படத்துக்குள் போய்விட்டது. மீதி 42 நொடி ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஃபைலின் பெயரில் தேதி, “முதல் பூச்சு”, “வலந்தலை”, கையின் சொந்தக்காரர் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறது. நாளைக்கு வேறு யாராவது மிருதங்கத்தைப் பற்றி எடுத்து, ஒரு ஒட்டை மூடக் கை தேய்க்கும் ஷாட் இருக்கிறதா என்று அந்த அறையில் கேட்கக்கூடும். இன்னொருவர் குரலுக்கு மேலே இவர் கை போகக் கூடாது என்பதற்காகத்தான் பெயரை ஃபைலிலேயே எழுதிவைத்திருக்கிறாள்.